வீடியோவுக்குக் கீழே நாலு வரி: எழுதுவது யார், ஏற்றுவது எது?

2019 ஏப்ரல் 15 மாலை. பாரிஸ் நகரின் நோத்ர்தாம் தேவாலயம் தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது. செய்தி நிறுவனங்கள் அந்தக் காட்சியை யூடியூபில் நேரலையாகக் காட்டின. அமெரிக்காவில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வீடியோவின் கீழே ஒரு சிறு பெட்டி தோன்றியது. பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்திலிருந்து எடுத்த நாலு வரி அதில் இருந்தது. அந்த வரிகள் தேவாலயத்தைப் பற்றியவை அல்ல. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் நடந்த தாக்குதலைப் பற்றியவை.

கணினி நிரல் தானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. பாரிஸில் நடந்தது பயங்கரவாதத் தாக்குதல் என்று எந்த அதிகாரியும் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு சந்தேகம் எழத்தானே செய்யும்? பொய்ச் செய்தியைத் தடுக்க வைத்த பெட்டியே புதிய குழப்பத்துக்கு இடம் கொடுத்தது. நிரல் தவறு செய்துவிட்டது என்று யூடியூப் ஒப்புக்கொண்டு, அந்த நேரலைகளிலிருந்து பெட்டியை எடுத்துவிட்டது.

அந்தப் பெட்டிகளுக்கு ஓர் அடிப்படைக் குறை உண்டு. அவை தலைப்பைப் பார்த்து வருபவை. நிலவுப் பயணம் பற்றிய வீடியோ என்றால் நிலவுப் பயணம் பற்றிய கலைக்களஞ்சியக் குறிப்பு வரும். அந்த வீடியோ சொல்வது சரியா, அதில் உள்ள காட்சி எப்போது எடுத்தது என்பதையெல்லாம் அவை பார்ப்பதில்லை. அதற்கு அந்தக் குறிப்பிட்ட வீடியோவைப் பார்த்த ஒரு மனிதர் உட்கார்ந்து எழுத வேண்டும்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2024 ஜூன் 17 அன்று, யூடியூப் அந்த வேலையைப் பார்வையாளர்களிடம் கொடுத்துப் பார்க்கப்போவதாக அறிவித்தது. எந்த மாதிரியான குறிப்புகளை எதிர்பார்க்கிறோம் என்பதற்கு மூன்று எடுத்துக்காட்டுகளையும் சொன்னது. ஒரு பாடல் கேலிக்காகப் பாடப்பட்டது என்று தெரியப்படுத்தலாம். விமர்சிக்கப்படும் பொருளுக்குப் புதிய மாடல் வந்துவிட்டது என்று சொல்லலாம். பழைய காட்சியை இன்று நடந்ததாகக் காட்டினால் அதைச் சுட்டிக்காட்டலாம். அமெரிக்காவில் மட்டும், ஆங்கிலத்தில் மட்டும், கைபேசியில் மட்டும் என்று சோதனை முயற்சியாகவே இது தொடங்கியது.

நினைத்தவர் எல்லாரும் எழுத முடியாது. யூடியூப் முதலில் குறைந்த எண்ணிக்கையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, மின்னஞ்சல் வழியாகவோ, சேனல் நடத்துபவர்கள் பயன்படுத்தும் பக்கத்தில் ஓர் அறிவிப்பு வழியாகவோ அழைத்தது. அழைக்கப்படுபவரிடம் இயங்கும் யூடியூப் சேனல் ஒன்று இருக்க வேண்டும். அது விதிமீறல் புகாரில் சிக்காததாக இருக்க வேண்டும். டிக்டாக் நிறுவனம் ‘ஃபுட்நோட்ஸ்’ என்ற பெயரில் இதே போன்ற ஏற்பாட்டை 2025 ஏப்ரலில் அறிவித்து, ஜூலை 30 அன்று அமெரிக்காவில் தொடங்கியது. எழுத விரும்புபவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், கணக்கு ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்க வேண்டும், சமீபத்தில் விதிமீறல் எதுவும் இருக்கக்கூடாது. தொடங்கும்போதே ஏறக்குறைய 80,000 பேர் தகுதி பெற்றிருந்ததாக அந்த நிறுவனம் தெரிவித்தது.

ஆறு மாதம் என்ற நிபந்தனைக்குக் காரணம் இருக்கிறது. ஒரு சண்டைக்காக நேற்று இரவு நூறு போலிக் கணக்கு தொடங்கியவரை அது வாசலிலேயே நிறுத்திவிடும். எக்ஸ் தளம் இன்னும் ஒரு படி மேலே போய், சரிபார்த்த கைபேசி எண்ணையும் கேட்கிறது.

எக்ஸ் தளத்தில் இன்னொரு விதியும் உண்டு. அது பலருக்குத் தெரியாது. உள்ளே நுழைந்தவுடன் யாரும் எழுதிவிட முடியாது. முதலில் மற்றவர்கள் எழுதிய குறிப்புகளை மதிப்பிட வேண்டும். ஒரு குறிப்பின் முடிவு தெரிவதற்கு முன்பே ‘இது உதவும்’ என்று ஒருவர் மதிப்பிட்டு, பிறகு அந்தக் குறிப்பு உண்மையிலேயே தேறினால் அவருக்கு மதிப்பெண் கூடும். தேறாது என்று சொல்லி அது தேறாமல் போனாலும் கூடும். கணிப்பு தவறினால் குறையும். இப்படி ஐந்து புள்ளிகள் சேர்ந்த பிறகுதான் எழுதும் உரிமை கிடைக்கும். தொழில் கற்க வந்த பையன் முதலில் மாஸ்டர் செய்வதைப் பார்த்துப் பழகிவிட்டு, அப்புறம் கருவியைக் கையில் எடுப்பது போன்ற முறை இது. எழுதுபவரின் சொந்தப் பெயரும் வெளியே தெரியாது. தளமே ஒரு புனைபெயர் கொடுத்துவிடும். பிரபலமானவர் எழுதினார் என்பதற்காக ஒரு குறிப்புக்குக் கூடுதல் மரியாதை கிடைக்கக்கூடாது, எழுதியவரை யாரும் தேடிப் போய் மிரட்டவும் கூடாது என்பதே நோக்கம்.

இனி முக்கியமான கேள்வி. எழுதிய குறிப்புகள் அத்தனையும் வீடியோவின் கீழே வருவதில்லை. எது வரும், எது வராது என்பதைத் தீர்மானிப்பது யார்?

யூடியூபின் சோதனைத் தொடக்கத்தில் அந்த வேலையை வெளியாட்கள் செய்தார்கள். தேடல் முடிவுகளும் பரிந்துரைகளும் சரியாக வருகின்றனவா என்று பார்த்துச் சொல்ல யூடியூப் ஏற்கெனவே அமர்த்தியிருந்த மதிப்பீட்டாளர்கள் அவர்கள். குறிப்பு எழுத அழைக்கப்பட்டவர்களும் படிப்படியாக மதிப்பிடுவார்கள் என்று திட்டம். குறிப்பு உதவுகிறது, ஓரளவு உதவுகிறது, உதவவில்லை என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காரணத்தையும் சொல்ல வேண்டும். நம்பத்தக்க ஆதாரம் இருக்கிறதா, தெளிவாக எழுதியிருக்கிறதா, பக்கம் சாயாமல் இருக்கிறதா என்பவை அந்தக் காரணங்கள்.

அதன் பிறகு வாக்குகளைக் கூட்டி, அதிகம் பெற்றதை ஏற்றிவிடுகிறார்களா என்றால் இல்லை. கடந்த காலத்தில் வெவ்வேறு விதமாக மதிப்பிட்டு வந்தவர்கள், ஒரு குறிப்பைப் பொறுத்தவரை ஒன்றுசேர்ந்து ‘உதவும்’ என்று சொன்னால், அது தோன்ற வாய்ப்பு அதிகம் என்று யூடியூப் விளக்கியது. இந்த ஏற்பாட்டின் உயிர் அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. இதற்குப் பாலம் போடும் முறை என்று பெயர். எதிரெதிர்க் கரைகளில் நிற்பவர்கள் இருவரும் ஒப்புக்கொள்வதையே அது தேடுகிறது.

ட்விட்டர் என்ற பெயரில் எக்ஸ் இருந்த காலத்தில், 2021 ஜனவரியில் ‘பேர்ட்வாட்ச்’ என்ற பெயரில் இந்த ஏற்பாடு அமெரிக்காவில் தொடங்கியது. 2022 நவம்பரில் ‘கம்யூனிட்டி நோட்ஸ்’ என்று பெயர் மாறியது. கணக்கிடும் நிரலையும், யார் என்று காட்டாமல் மதிப்பீடுகளையும் அந்தத் தளம் பொதுவில் வைத்திருப்பதால் அதைப் பிரித்துப் பார்க்க முடிகிறது.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். செக் நாட்டு நிறுவனமான பொஹீமியா இன்டராக்டிவ் தயாரித்த ‘ஆர்மா 3’ என்ற போர் விளையாட்டு 2013-இல் வெளியானது. அதில் விருப்பப்பட்ட நாட்டின் பீரங்கி, விமானம், ஏவுகணையையெல்லாம் சேர்த்துக்கொள்ளலாம். எங்காவது போர் மூண்டால், இந்த விளையாட்டிலிருந்து எடுத்த துண்டு வீடியோ ஒன்று ‘நேற்றிரவு எதிரி விமானம் வீழ்ந்தது’ என்ற தலைப்போடு சுற்ற ஆரம்பித்துவிடும். தொல்லை தாங்காமல் அந்த நிறுவனமே 2022 நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு வீடியோவை எடுக்கவைத்தால் நாளுக்குப் பத்து புதிதாக ஏறுகின்றன என்று வருந்தியது. கண்டுபிடிக்கும் வழிகளையும் சொன்னது: படம் மங்கலாக இருக்கும், ஆடிக்கொண்டே இருக்கும், பெரும்பாலும் இரவுக் காட்சியாக இருக்கும், ஒலி இருக்காது, நடமாடும் மனிதர்களைக் காண்பது அரிது, புகையும் வெடிப்பும் இயல்பாகத் தெரியாது.

அப்படி ஒரு வீடியோ வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் குறிப்பு எழுதுகிறார்கள். முதலாமவர் எழுதுவது: “இது எதிர்த் தரப்பு பரப்பும் பொய்ப் பிரசாரம், அவர்களுக்கு இதே வேலை.” இரண்டாமவர் எழுதுவது: “இது ஆர்மா 3 விளையாட்டின் காட்சி. இதே காட்சி முன்பே விளையாட்டு வீடியோ என்ற பெயரிலேயே வெளியானது, இணைப்பு இங்கே. இத்தகைய காட்சிகள் பற்றித் தயாரிப்பு நிறுவனம் விடுத்த அறிக்கை இங்கே.”

மதிப்பிட 80 பேர் வருகிறார்கள். 60 பேர் ஒரு தரப்பின் அனுதாபிகள், 20 பேர் மறு தரப்பின் அனுதாபிகள். இவை கணக்கு புரிவதற்காக நாம் எடுத்துக்கொண்ட எண்கள்.

முதல் குறிப்பை 60 பேரில் 57 பேர் ஆதரிக்கிறார்கள். மறு தரப்பில் 20 பேரில் இருவர்தான் ஆதரிக்கிறார்கள். மொத்தம் 59 வாக்குகள், அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 74. இரண்டாம் குறிப்புக்கு ஒரு தரப்பில் 42 பேர், மறு தரப்பில் 14 பேர். மொத்தம் 56 வாக்குகள், நூற்றுக்கு 70. வாக்கு எண்ணிக்கைதான் முடிவு என்றால் திட்டித் தீர்த்த முதல் குறிப்பு ஜெயித்துவிடும்.

பாலம் போடும் கணக்கு அப்படிப் பார்ப்பதில்லை. ஒருவர் ஒரு குறிப்பை ஆதரிக்க மூன்று காரணங்கள் இருக்கலாம் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஒன்று, அவர் எதையுமே தாராளமாக ஆதரிக்கும் சுபாவம் உள்ளவர். இரண்டு, குறிப்பு அவருடைய கட்சியைப் பேசுகிறது. மூன்று, குறிப்பு உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. முதல் இரண்டின் பங்கைக் கழித்துவிட்டால், மிஞ்சுவது குறிப்பின் சொந்தத் தகுதி.

நம் முதல் குறிப்புக்கு ஒரு கரையில் நூற்றுக்கு 95, மறு கரையில் 10. இரண்டுக்கும் நடுப்புள்ளி 52.5. கரைக்குக் கரை உள்ள அந்தப் பெரிய வித்தியாசம் கட்சிப் பற்றினால் வந்தது என்று கணக்கு ஒதுக்கிவிடுகிறது. இரண்டாம் குறிப்புக்கு இரு கரையிலும் 70, நடுப்புள்ளியும் 70. பொதுவான தாராளத்துக்கு ஒரு 20-ஐக் கழித்தால், முதல் குறிப்புக்கு 32.5, இரண்டாவதற்கு 50. எக்ஸ் வெளியிட்ட அளவுகோலில் இவை 0.325, 0.50 என்று வரும். தேறுவதற்கான அடிப்படை எல்லை 0.40. குறைந்த வாக்கு வாங்கிய இரண்டாம் குறிப்பு வீடியோவின் கீழே ஏறுகிறது; அதிக வாக்கு வாங்கிய முதல் குறிப்பு வெளியே வராமல் நின்றுவிடுகிறது.

உண்மையான நிரலில் இதைவிடப் பல சோதனைகள் உண்டு. குறைந்தது ஐந்து மதிப்பீடுகள் வரும்வரை எந்தக் குறிப்பும் ‘இன்னும் மதிப்பீடு தேவை’ என்ற நிலையிலேயே இருக்கும். புதிய மதிப்பீடுகள் வர வர முடிவு மாறலாம். ஏறிய குறிப்பு இறங்கவும் செய்யலாம். இரண்டு வாரம் ஆனதும் அந்த நிலை பூட்டப்படும்.

யார் எந்தக் கரை என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை என்பது இதில் கவனிக்க வேண்டிய விஷயம். கட்சி, மதம், நாடு எதையும் நிரல் கேட்பதில்லை. ஒவ்வொருவரும் முன்பு எந்தக் குறிப்பை ஆதரித்தார், எதை நிராகரித்தார் என்ற பழக்கத்தை வைத்தே ஒரு கோட்டில் அவருக்கு இடம் ஒதுக்குகிறது. எப்போதும் ஒரே மாதிரி மதிப்பிடுபவர்கள் கோட்டில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். ஆயிரம் பேர் கூட்டமாக வந்து ஒரே குறிப்பைத் தூக்கிப் பிடித்தாலும் அதற்கு அவ்வளவு பலன் இல்லாமல் போவதற்கு இதுவே காரணம். ஆயிரம் பேரும் ஒரே கரையில் நிற்கிறார்கள். பாலத்துக்கு மறு கரை வேண்டும். ஏமாற்ற நினைப்பவர் தன் ஆட்களில் பாதிப் பேரை நீண்ட காலம் எதிர்த் தரப்பினர் போலவே மதிப்பிட வைக்க வேண்டும். முடியாத காரியம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு ராத்திரியில் நடக்கிற காரியம் அல்ல.

வீடியோவுக்கு என்று தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவது, ஒரே வீடியோ பல பேரால் பல முறை ஏற்றப்படுகிறது. ஓர் இடத்தில் குறிப்பு வந்தால் மற்ற இடங்களில் பொய் நடமாடிக்கொண்டே இருக்கும். இதற்காக எக்ஸ் 2023-இல் ஒரு வழி செய்தது. படத்தின் மீதும், பிறகு செப்டம்பரில் வீடியோவின் மீதும் குறிப்பு எழுதலாம் என்று ஆக்கியது. அந்த வீடியோ வேறு யார் பதிவில் இருந்தாலும் நிரல் அடையாளம் கண்டு, அதே குறிப்பை அங்கேயும் காட்டும். ஓரத்தை வெட்டியோ, மேலே எழுத்தைப் பதித்தோ மீண்டும் ஏற்றினால் அடையாளம் தப்பிவிடவும் கூடும்.

இரண்டாவது சிக்கல் நீளம். ஒரு வரிப் பதிவில் ஒரு தவறுதான் இருக்கும். ஒரு மணி நேர வீடியோவில் பதினான்காம் நிமிடத்தில் ஒரு தவறான தகவலும், நாற்பதாம் நிமிடத்தில் விவாதத்துக்குரிய ஒரு கருத்தும், மீதி முழுக்கச் சரியான செய்திகளும் இருக்கலாம். எந்த நிமிடத்தில் வரும் எந்தத் தகவல் என்று சொல்லாத குறிப்பு, வீடியோ முழுவதையும் சந்தேகத்துக்குள் தள்ளிவிடும். மதிப்பிடுபவரும் முழு வீடியோவையும் பார்த்த பிறகே வாக்களிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது, இரு கரையும் ஒத்துப்போவது உண்மைக்கு உத்தரவாதம் இல்லை. 2022 செப்டம்பர் இறுதியில் இயன் புயல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவைத் தாக்கியபோது, ஃபோர்ட் மயர்ஸ் நகரில் வீட்டுப் புறக்கடை வெள்ளத்தில் ஒரு சுறா துடுப்பை ஆட்டிக்கொண்டு நீந்தும் வீடியோ பரவியது. பார்த்தவர்கள் பலரும் சிரித்தார்கள். வெள்ளம் வந்த சாலையில் சுறா நீந்துவதாக ஒட்டுவேலை செய்த ஒரு படம் பத்தாண்டுக்கும் மேலாக ஒவ்வொரு புயலின்போதும் வலம் வந்ததால், இதுவும் அதே கதைதான் என்று நினைத்தார்கள். ஆனால் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், வீடியோ கோப்பில் பதிவாகியிருந்த நேர விவரங்களைப் பார்த்து, அது அங்கே அன்று எடுத்ததுதான் என்று உறுதி செய்தது. அந்த முதல் சில மணி நேரத்தில் ‘இது போலி’ என்று ஒருவர் குறிப்பு எழுதியிருந்தால், எல்லாக் கரையிலிருந்தும் ஆதரவு குவிந்திருக்கும். கட்சிச் சார்பைக் கழிக்கத் தெரிந்த கணக்குக்கு, எல்லாரும் சேர்ந்து செய்யும் தவறைக் கழிக்கத் தெரியாது. யூடியூபும் தன் அறிவிப்பிலேயே, வீடியோவுக்குப் பொருந்தாத குறிப்புகளும் தவறான குறிப்புகளும் வரக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தது.

இதைவிடப் பெரிய குறை, வர வேண்டிய குறிப்பு வராமலே போவது. இணைய வெறுப்பை ஆராயும் சிசிடிஹெச் என்ற அமைப்பு, 2024 அமெரிக்கத் தேர்தலை ஒட்டி எக்ஸ் தளத்தில் வந்த 283 தவறான பதிவுகளை எடுத்துப் பார்த்தது. அவற்றுக்குச் சரியான குறிப்புகளை யாரோ எழுதித்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும் 209 பதிவுகளில், அதாவது நூற்றுக்கு 74 பதிவுகளில், அந்தக் குறிப்பு எல்லார் கண்ணுக்கும் தெரியவில்லை. விளையாட்டு வீடியோ, பழைய வெள்ளக் காட்சி போன்றவற்றில் இரு தரப்பும் எளிதாக ஒத்துப்போகும். வாக்குச் சீட்டு, குடியேற்றம் என்று வந்துவிட்டால் சரியான ஆதாரத்தோடு எழுதிய குறிப்பைக்கூட ஒரு தரப்பு நிராகரிக்கும். குறிப்பு மிக அதிகமாகத் தேவைப்படும் இடத்தில்தான் பாலம் அடிக்கடி அறுந்துபோகிறது. ஒத்துப்போகும்போதும் அதற்கு நேரம் பிடிக்கிறது. அதற்குள் வீடியோ ஊர் சுற்றி முடித்திருக்கும்.

இந்தியாவில் எக்ஸ் தளம் 2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தலுக்குச் சற்று முன்பு, குறிப்பு எழுதுபவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. ஒரு தமிழ் வீடியோவுக்குக் குறிப்பு தேற வேண்டும் என்றால், தமிழ் தெரிந்தவர்கள், வேறு வேறு விதமாக மதிப்பிட்டுப் பழகியவர்கள், போதிய எண்ணிக்கையில் வந்து அதைப் படிக்க வேண்டும். எழுதுபவர் ஒருவர் போதும். பாலத்துக்கு மறு கரையிலும் ஆள் வேண்டும்.

வாசகர் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. வீடியோவின் கீழே குறிப்பு இருந்தால், அதைப் படிப்பதோடு நிற்காமல் அது காட்டும் இணைப்பைத் திறந்து, அங்கே உள்ள தேதியையும் காட்சியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குறிப்பு இல்லையென்றால், யாரோ சரிபார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். யாரும் எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதியும் இரு கரையும் சேராமல் இருந்திருக்கலாம். ஐந்தாவது மதிப்பீட்டுக்காக அந்தக் குறிப்பு அந்த நிமிடத்தில் காத்துக்கொண்டும் இருக்கலாம்.